தேர்வும் விடுதியும் கைச்செலவும் குறுக்கே நிற்கும்போது எதைக் குறைத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது

கேள்வி: "நானும் என் காதலனும் வேறு வேறு கல்லூரி விடுதிகளில் இருக்கிறோம். தேர்வு நெருங்கினால் அவன் பேசுவதே குறைந்துவிடுகிறது. நேரில் பார்க்கலாம் என்றால் கையில் பணம் இருப்பதில்லை. என் அறைத்தோழியைப் பார்க்க அவள் காதலன் நாள் தவறாமல் வருகிறான். நான் கேட்டால் என் காதலன், 'எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்' என்கிறான். எவ்வளவுதான் குறைத்துக்கொள்வது?"

மாணவர் நல ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றி வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் அளவைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களை உறங்கவிடாமல் செய்வது அளவு அல்ல என்றே நினைக்கிறேன். அவருடைய பேச்சு குறைவது தேர்வினாலா, மனம் மாறியதாலா என்பது தெரியாமல் இருப்பதுதான் உங்களை அலைக்கழிக்கிறது. காரணம் தேர்வுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மூன்று வாரம் குறைவாகப் பேசுவதை உங்களால் தாங்கிக்கொள்ள முடியும்; தெரியாதபோது மூன்று மணி நேரம்கூட நீளமாகத் தெரியும். ஆகவே இந்தப் பதிலில் இரண்டு எதிர்பார்ப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறேன். எத்தனை முறை பேசுகிறோம், எவ்வளவு நேரம் பேசுகிறோம், எத்தனை முறை சந்திக்கிறோம் என்பது ஒன்று. சொன்னதைச் சொன்னபடி செய்வார் என்று நம்பியிருக்க முடிகிறதா என்பது மற்றொன்று. முதலாவதைத் தேர்வுக் காலத்தில் பாதிக்கும் கீழாகக் குறைத்துக்கொண்டாலும் உறவுக்குப் பெரும்பாலும் கேடு வருவதில்லை. இரண்டாவதைக் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. குறைத்துக்கொண்டால் மிஞ்சுவது காத்திருப்பு மட்டுமே.

இதற்கு ஆய்வு வழியில் ஓரளவு ஆதாரம் உண்டு. வழக்கறிஞராவதற்கான தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினந்தோறும் குறிப்பேடு எழுதச் சொல்லி, தாம்சன், போல்ஜர் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படிப்பவர் ஒரு நாள் மனம் சோர்ந்திருந்தால், உறவைப் பற்றித் துணைவர் கொண்டிருந்த உணர்வும் சரிந்தது என்பது அவர்கள் கண்ட முதல் செய்தி. இதில் வியப்பில்லை. ஆனால் தேர்வு நாள் நெருங்க நெருங்க, படிப்பவரின் சோர்வு கூடியபோதிலும், அது துணைவரின் உணர்வைப் பாதிப்பது குறைந்துகொண்டே போய் ஏறத்தாழ இல்லாமலே ஆகிவிட்டது. சிடுசிடுப்புக்குக் காரணம் தேர்வுதான், தான் அல்ல என்று துணைவர் கணக்கில் எடுத்துக்கொண்டதே இதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இணையர்கள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். எதிரே புத்தகக் குவியலும், விடியும்வரை எரியும் விளக்கும், தொடாமல் ஆறிப்போன உணவும் அவர்களுடைய கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. உங்களுக்கோ கண்ணில் படுவது, பதில் வராத திரை மட்டும்தான். ஆகவே அவர்களுக்குத் தானாகவே கிடைத்த அந்த விளக்கம், விடுதிகளில் பிரிந்திருக்கும் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லப்பட்டால்தான் கிடைக்கும். விட்டுக்கொடுக்கும் மனம் உங்களிடம் இல்லை என்று நான் கருதவில்லை. எதற்காக விட்டுக்கொடுக்கிறோம், எந்த நாள்வரை விட்டுக்கொடுக்கிறோம் என்ற இரண்டும் உங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதே என் கணிப்பு.

இதனால்தான் "எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்" என்பது, நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், பயன் தராத வேண்டுகோளாக இருக்கிறது. அதில் தொடக்க நாளும் இல்லை, முடிவு நாளும் இல்லை, எது குறையும் எது குறையாது என்பதும் இல்லை. அதற்குப் பதிலாக, "பதினோராம் தேதி முதல் தேர்வு, இருபத்தெட்டாம் தேதி கடைசித் தேர்வு, அதுவரை பகலில் செய்தி அனுப்ப மாட்டேன், இரவு பத்து மணிக்குப் பத்து நிமிடம் கூப்பிடுவேன், தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு வரிச் செய்தி மட்டும் அனுப்புவேன், முப்பதாம் தேதி மாலை நேரில் வருவேன்" என்று சொன்னால், கேட்பவருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் திரையைப் பார்த்துக் காரணம் தேட வேண்டியதில்லை. பதில் தாமதமாக வருவதைவிட, எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதே மனத்தை அதிகம் தின்கிறது என்பதை என் அறையில் அமர்ந்து பேசிய மாணவர்களிடம் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

ஓர் இணையின் நிலையை, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் நிலையோடு பல இடங்களில் ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன். அவள் புள்ளியியல் படித்தாள். அவன் கட்டடக்கலை படித்தான். இருவரும் ஒரே நகரின் இரு கோடிகளில் இருந்த விடுதிகளில் தங்கியிருந்தார்கள். அவளுடைய சுமை தேர்வு அட்டவணையில் அச்சாகியிருந்தது: ஐந்து தாள்கள், மூன்று வாரம், முடிந்தால் முடிந்தது. அவனுடைய சுமைக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. வரைபடம் ஒப்படைக்கும் நாள் தள்ளிப்போகும். ஒப்படைத்ததைத் திருத்திக் கொண்டுவரச் சொல்வார்கள். மாதிரி செய்வதற்கு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். தன் சுமையை வைத்து அவனை அளந்த அவளுக்கு, "இன்னும் முடியவில்லை" என்ற அவன் பதில் சாக்காகவே கேட்டது. அவனுக்கோ, நாளைக் கேட்டு நெருக்குவது தன் படிப்பையே மதிக்காததாகப் பட்டது. இருவருடைய சுமையும் ஒரே வடிவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டதே முதல் சிக்கல். முடிவு நாள் அச்சிடப்பட்டிருப்பவர் தேதியைச் சொல்லலாம். அச்சிடப்படாதவர், "அடுத்த ஞாயிறு மதியம் நிலைமை என்னவென்று சொல்கிறேன்" என்று மறுபடி பேசப்போகும் நாளையாவது சொல்ல வேண்டும். தேதி தெரியாதவராலும் இதைச் செய்ய முடியும்.

ஒவ்வொரு நாளும் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர்களைத் தனித்தனியாக எழுதச் சொன்னேன். அவள், "இரவில் ஒரு மணி நேரம் பேச வேண்டும்" என்று எழுதினாள். அந்த ஒரு மணி நேரத்தில் எது கிடைக்காவிட்டால் வருத்தமாக இருக்கும் என்று கேட்டபோது, நெடுநேரம் யோசித்துவிட்டு, "தூங்கப் போகும் முன் அவன் என்மேல் கோபமாக இல்லை என்று தெரிய வேண்டும்" என்றாள். அதற்கு ஒரு மணி நேரம் தேவையில்லை. அவன், "அவள் என்னிடம் எதையும் எதிர்பார்க்காத சில நாட்கள் வேண்டும்" என்று எழுதியிருந்தான். துருவிக் கேட்டதில், அவன் அஞ்சியது பேச்சை அல்ல, பேச்சு சண்டையாக மாறுவதை என்று தெரிந்தது. விடுதியில் தொலைபேசியில் பேசுவது எப்படி என்பது உங்களுக்கே தெரியும். அறையில் மற்றவர் உறங்குவார். தாழ்வாரத்தில் நின்று குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். நடுவில் யாராவது கடந்து போவார்கள். அழவும் முடியாது, விளக்கவும் முடியாது. இரவு பதினொன்றுக்குத் தொடங்கிய மனத்தாங்கல் பாதியில் நின்றால், பேசிய நேரம் இருபது நிமிடம்தான் என்றாலும் அதன் பிறகு இருவருக்கும் இரண்டு மணி நேரப் படிப்பும் உறக்கமும் போய்விடுகின்றன. அழைப்பின் விலையைக் கணக்கிடும்போது அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். தேர்வு வாரங்களில் இரவு அழைப்பு பத்து நிமிடம். அதில் அன்றைய நாளைப் பற்றி மட்டும் பேச்சு. மனத்தாங்கல் எழுந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போதே தீர்க்கவும் வேண்டியதில்லை. "இதைப் பேச வேண்டும், சனிக்கிழமை மாலை பேசுவோம்" என்று நாளைக் குறித்துவிட்டு அழைப்பை முடிப்பார்கள். இருவரும் ஆளுக்கொரு தாளில் அப்படிப்பட்டவற்றை எழுதி வைத்தார்கள். தள்ளிப்போடுவதற்கும் தட்டிக்கழிப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த நாளில்தான் இருக்கிறது. சனிக்கிழமை வந்ததும் எழுதி வைத்தவரே நினைவூட்ட வேண்டியிராமல் மற்றவர் தாமாகவே அதை எடுத்தால் ஏற்பாடு உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். அவர்கள் விஷயத்தில் முதல் சனிக்கிழமை அவன் மறந்துவிட்டான். இரண்டாவது சனிக்கிழமை அவனே கேட்டான். எழுதி வைத்த நான்கில் இரண்டு, சனிக்கிழமை வருவதற்குள் தாமாகவே முக்கியமற்றுப் போயிருந்தன. மீதி இரண்டு உண்மையான சிக்கல்கள். அவற்றில் ஒன்று பணம்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாணவர் காதலில் இதுதான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது, மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கையில் பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்படுபவர், படிக்க வேண்டும் என்று சொல்வது எளிது. படிப்பு மரியாதையான காரணம். வறுமை அப்படியல்ல என்று அந்த வயதில் தோன்றுகிறது. கேட்பவரோ, "நேற்று நண்பர்களோடு உட்கார்ந்து அரட்டை அடிக்க நேரம் இருந்தது, என்னைப் பார்க்க நேரம் இல்லையா" என்று கணக்குப் போடுகிறார். நண்பர்களோடு விடுதி மாடியில் உட்காரச் செலவில்லை. உங்களைப் பார்க்க வரச் செலவு உண்டு என்பது அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

அந்த இணையின் கணக்கைப் பார்ப்போம். எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் பொருந்தும்படி, வீட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் வருவதை நூறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வந்த தொகை ஏறத்தாழ ஒன்றுதான். விடுதி உணவு, நகலெடுப்பு, வரைபடத் தாள், தொலைபேசிக் கட்டணம், சோப்பு எண்ணெய் எல்லாம் போக அவனிடம் பன்னிரண்டு பங்கு மிஞ்சியது. அவளிடம் எட்டு பங்கு. சந்திப்பு என்றால் அவனே அவள் பக்கம் பயணம் செய்வது, அவனே இருவருக்கும் உணவு வாங்குவது என்று தொடக்கத்திலேயே பழக்கமாகிவிட்டது. போய்வரும் பயணத்துக்கு மூன்று பங்கு, இருவர் உணவுக்கு நான்கு பங்கு, ஆக ஒரு சந்திப்புக்கு ஏழு பங்கு. மாதம் இரண்டு முறை என்றால் பதினான்கு. பன்னிரண்டு வைத்திருப்பவன் பதினான்கு செலவழிக்க, மாதந்தோறும் இரண்டு பங்கு அறைத்தோழனிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்தான். கடன் சேரச் சேர, மாதக் கடைசியில் அவனுக்குப் "படிப்பு" அதிகமாகிவிடும். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. மாதத் தொடக்கத்தில் அன்பாக இருப்பவன் கடைசியில் விலகுவது ஏன் என்று புரியாமல், தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய எட்டு பங்கு அப்படியே இருந்தது; தந்தால் வாங்க மாட்டான் என்று அவளும் கேட்கவில்லை.

இருவரும் தங்கள் மீதியை ஒருவருக்கொருவர் சொன்ன பிறகு செய்த மாற்றம் மிகச் சிறியது. பயணத்தை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள்: ஒரு முறை அவன் போவான், மறுமுறை அவள் வருவாள். அவரவர் விடுதியில் சாப்பிட்டுவிட்டுச் சந்தித்தார்கள். வெளியில் தேநீர் மட்டும். அதற்கு ஒரு பங்கு, பயணம் செய்யாதவர் தருவது. மாதம் இரண்டு சந்திப்புக்கு ஆளுக்குப் பயணம் மூன்றும் தேநீர் ஒன்றும், ஆக நான்கு பங்கு. அவனிடம் எட்டும் அவளிடம் நான்கும் மீந்தன; கடன் நின்றது. சந்திப்புகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் எந்த வாரம் சந்திப்பு, யார் பயணம் செய்வது என்பது மாதத் தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டதால், மாதக் கடைசி விலகல் நின்றுவிட்டது. பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கவனம் தேவை. "நான் செலவு செய்கிறேன், நீ வா" என்று ஒருவர் மட்டும் பெருந்தன்மை காட்டுவது பல நேரங்களில் மற்றவரைக் கூசச் செய்கிறது. இருவரும் தத்தம் மீதியை ஒரே நேரத்தில் சொல்வதும், குறைவாக வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கே இருவரும் சேர்ந்து செலவைக் குறைப்பதும் இந்தக் கூச்சத்தைப் பெரிதும் தவிர்க்கும்.

தேர்வுக் காலத்தில் அன்பைக் காட்டுவது எப்படி என்பதிலும் எதிர்பார்ப்பைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். அதே வகைத் தேர்வுக்குப் படித்தவர்களைக் கொண்டு போல்ஜரும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், துணைவர் உதவினார், ஆனால் படிப்பவர் அதை உதவியாகவே உணரவில்லை என்ற நாட்களில்தான் படிப்பவரின் மனச்சோர்வு குறைவாக இருந்தது. வெளிப்படையாக உதவும்போது, "நான் சமாளிக்கவில்லை என்று நினைக்கிறார்" என்ற உறுத்தலும் அதனோடு வந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. பின்னர் வந்த ஆய்வுகள் இதைச் சற்று மட்டுப்படுத்தின: வெளிப்படையான உதவியும், பெறுபவரின் தேவையைப் புரிந்துகொண்டு தரப்பட்டால் நன்மையே செய்கிறது. எனவே இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடைமுறையில் இதன் பொருள், ஒரு நாளைக்கு மூன்று முறை "படித்தாயா, சாப்பிட்டாயா, பயமாக இருக்கிறதா" என்று கேட்பது அன்பாகப் போய்ச் சேராமல் கண்காணிப்பாகப் போய்ச் சேரக்கூடும் என்பதுதான். நாளை மறுநாள் பேச வேண்டிய சிக்கலை நீங்களே நான்கு நாள் தள்ளிவைத்தால் அது அவருக்குத் தெரியாமலே போகலாம், அது உதவியே. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: தெரியாத உதவியை எப்போதும் ஒருவரே செய்துகொண்டிருந்தால் அவர் ஒருநாள் களைத்துப்போவார். தேர்வு முடிந்த பிறகு, "அந்த வாரம் இதை உனக்காகத் தள்ளி வைத்தேன்" என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

அறைத்தோழியைப் பற்றி நீங்கள் எழுதியது சிறிய செய்தி அல்ல. ஒருவர் தன் உறவில் நிறைவாக இருக்கிறாரா என்பது அவருக்கு உண்மையில் கிடைப்பதை மட்டும் பொறுத்ததல்ல, கிடைக்க வேண்டியது இவ்வளவு என்று அவர் மனத்தில் வைத்திருக்கும் அளவுகோலையும் பொறுத்தது என்று திபோ, கெல்லி என்ற சமூக உளவியலாளர்கள் 1959இலேயே எழுதினார்கள். அந்த அளவுகோல் நம் பழைய அனுபவங்களிலிருந்தும், நம்மைச் சுற்றிப் பார்ப்பவற்றிலிருந்தும் உருவாகிறது. விடுதியில் நீங்கள் நாள்தோறும் பார்ப்பது ஒரே ஓர் உறவை. அதுவும் வாசலில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தை மட்டும். அந்த இளைஞர் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறாரா, அவருக்குத் தேர்வு எப்போது, வராத நாளில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் உங்கள் அளவுகோலில் இல்லை. அவளைப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஏக்கம் எழும்போது, "தினமும் வர வேண்டும்" என்பது என் தேவையா, அவளுக்குக் கிடைப்பதைப் பார்த்து வந்ததா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். உங்களுடைய தேவைதான் என்றால் அதை அவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அவளோடு ஒப்பிட்டுச் சொல்லாமல் சொன்னால் அவர் காது கொடுத்துக் கேட்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இனி, தேர்வுதான் காரணமா என்பதை எப்படிக் கண்டுகொள்வது. தேர்வு நடக்கும்போது இதை முடிவு செய்ய வேண்டாம். நெருக்கடியில் இருப்பவர்கள் துணைவரின் சிறு தவறுக்கும் பெரிய உள்நோக்கம் கற்பிப்பது இயல்பு. திருமணமான புதிதில் இருந்த இணையர்களை ஆராய்ந்த நெஃப், கார்னி ஆகியோர் 2004இல் இதைக் காட்டினார்கள். வெளிநெருக்கடி கூடிய காலத்தில், முன்பு "களைப்பு" என்று விட்டதையே "அக்கறையின்மை" என்று அவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். உங்களுக்கும் தேர்வு உண்டு. உங்கள் தீர்ப்பும் அந்த நாட்களில் அதே போல் சாய்ந்திருக்கும். உண்மையான சோதனை, கடைசித் தேர்வுக்குப் பிந்தைய இரண்டு வாரம். தேர்வு குறைத்த பேச்சு, தேர்வு போனதும் திரும்பி வர வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்கள் உறக்கத்துக்கும் நண்பர்களுக்கும் போவது இயல்பே. அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அதன் பிறகும் பேச்சு தேர்வுக்கால அளவிலேயே நின்றால், அல்லது ஒரு காரணம் முடிந்ததும் அடுத்த காரணம் உடனே வந்து அமர்ந்தால், அது தேர்வின் வேலை அல்ல. ஒரு பருவம் அப்படி நடந்தால் கேட்டுத் தெளிவு பெறலாம். கேட்ட பின்னும் அடுத்த பருவமும் அப்படியே நடந்தால், உறவைத் தொடர்வதா என்று யோசிப்பது அவசரம் ஆகாது.

தேர்வு நடக்கும்போதே கவனிக்கத்தக்க அடையாளம் ஒன்றும் உண்டு. விட்டுக்கொடுப்பது இருபுறமும் போகிறதா என்று பாருங்கள். அவருடைய தேர்வுக்கு நீங்கள் ஒதுங்கியிருந்ததுபோல், உங்கள் தேர்வுக்கு அவர் ஒதுங்கியிருக்கிறாரா? உங்கள் தாள்கள் எந்தெந்த நாளில் என்று அவருக்குத் தெரியுமா? தேர்வுக்கு முந்தைய இரவில் பேசியே ஆக வேண்டும், பேசாவிட்டால் அன்பில்லை என்று உங்களை நெருக்குகிறாரா? எங்கே இருக்கிறாய் என்று இருப்பிடத்தைக் காட்டச் சொல்வதும், யாரோடு படிக்கிறாய் என்று சாட்சி கேட்பதும், நேரமின்மையால் வந்த ஏக்கம் அல்ல. அவற்றுக்கு ஈடுகொடுக்கும்படி எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டாம். இந்த எல்லை உங்களுக்கும் பொருந்தும். பதில் வராத இரவில் அவருடைய நண்பர்களைக் கூப்பிட்டு விசாரிக்கத் தோன்றினால், ஒப்பந்தம் போதிய தெளிவோடு இல்லை என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் அதையே பேசுங்கள்.

தேர்வு முடிந்து சந்திக்கும் அந்த முதல் நாளைப் பற்றி ஒரு சொல். மூன்று வாரமாகச் சேர்த்து வைத்த ஏக்கம், தாளில் எழுதி வைத்த மனத்தாங்கல், மிச்சம் பிடித்த பணம், எல்லாவற்றையும் அந்த ஒரே மாலையில் கொட்டுபவர்கள் பெரும்பாலும் சண்டையோடு திரும்புகிறார்கள். தொலைவிலிருந்து காதலித்த இணையர்களைப் பற்றி ஸ்டாஃபோர்ட், மெரோல்லா ஆகியோர் 2007இல் எழுதிய ஆய்வு ஒன்றில், ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பிரிந்துவிட்டார்கள். தூரத்தில் இருக்கும்போது ஒருவர் மற்றவரைப் பற்றி மனத்தில் வளர்த்துக்கொண்ட உயர்ந்த தோற்றம் நேரில் நிற்கவில்லை என்பதை ஒரு காரணமாக அவர்கள் கருதினார்கள். அது நிரந்தரமாக ஒரே ஊருக்கு வந்தவர்களைப் பற்றியது. மூன்று வாரத் தேர்வுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் முதல் சந்திப்பை எதுவும் தீர்க்க வேண்டியிராத சந்திப்பாக வைத்துக்கொண்டு, எழுதி வைத்ததை இரண்டாவது சந்திப்புக்கு ஒதுக்குங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

உங்கள் விஷயத்தில் முதல் படி ஒன்றே ஒன்று. அடுத்த தேர்வுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாக, இருவரும் படித்துக் களைக்காத ஒரு பகல் நேரத்தில், இரண்டு அட்டவணைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "குறைத்துக்கொள்கிறேன், எனக்கு அதில் வருத்தமில்லை. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, அதுவரை எந்த ஒன்று நிச்சயமாக நடக்கும் என்று மட்டும் சொல்." அவர் சொல்வது நீங்கள் நினைத்ததைவிட மிகச் சிறியதாக இருக்கலாம், இரவில் ஒரு வரியாகக்கூட இருக்கலாம், இப்போதைக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். கைச்செலவைப் பற்றியும் அப்போதே, உங்கள் மீதி எவ்வளவு என்று முதலில் நீங்கள் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நாள் சொல்ல மறுத்தால், அல்லது அப்படிக் கேட்பதையே தொல்லை என்றால், மறுத்ததைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் தேர்வை எழுதுங்கள். தேர்வு முடிந்த மூன்றாவது வாரத்தில் அதையே மறுபடி ஒருமுறை கேளுங்கள். இதற்கிடையே இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமோ உணவோ படிப்போ தொடர்ந்து கெட்டுக்கொண்டிருந்தால், அவருடைய பதிலுக்காகக் காத்திராமல் உங்கள் கல்லூரியில் இருக்கும் ஆலோசகரையோ மருத்துவரையோ நேரில் பாருங்கள்.